முள் தராசின் படத்தில் காணாமல்போன 300 கிராம்

கோவில்பட்டிக்கு மேற்கே உள்ள எங்கள் ஊரில் அண்ணன் கன்னி ஆடு வளர்க்கிறார். கறுப்பு உடம்பு, முகத்திலும் காதிலும் வெள்ளைக் கோடு ஓடும் பால்கன்னி. இப்போது பட்டியில் ஏழு குட்டிகள் இருக்கின்றன. இரண்டு வாரத்துக்கு ஒரு ஞாயிற்றுக்கிழமை மதினி அவற்றை எடை போட்டு, தராசின் முகத்தை மட்டும் படம் எடுத்து எனக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பிவிடுவார். மதுரையில் இருக்கும் நான் படத்தைப் பார்த்து எடையைப் படித்துக் கணினியில் ஏற்றி வைப்பேன். எந்தக் குட்டி நன்றாக வளர்கிறது, எது பின்தங்குகிறது, எதற்குக் குடற்புழு மருந்து பார்க்கவேண்டும் என்பதெல்லாம் அந்தப் பதிவை வைத்துத்தான் முடிவாகும்.

போன மாதம் ஒரு ஞாயிறு வந்த ஏழு படங்களையும் ஏற்றிவிட்டுப் பார்த்தால், ஏழு குட்டிகளும் ஒரே நேரத்தில் வளர்ச்சியில் இறங்கியிருந்தன. வழக்கமாக இரண்டு வாரத்தில் 800, 900 கிராம் ஏறும் குட்டிகள் 500, 550 என்று நின்றன. புழுவாக இருக்கும், உடனே மருந்து கொடுக்கச் சொல்லலாம் என்று போனைக் கையில் எடுத்துவிட்டேன். அப்புறம்தான் ஒன்று உறுத்தியது. புழு விழுந்தால் ஒரு குட்டிக்குக் கழிச்சல் இருக்கும், இன்னொன்று மேய்ச்சலில் துள்ளிக்கொண்டிருக்கும். ஏழும் ஏறக்குறைய அதே 300 கிராமை எப்படி இழக்கும்? குறைந்தது குட்டியாக இருக்காது, தராசாக இருக்கும்.

அதைத் தேடிப்போன அனுபவம்தான் இது. படத்திலிருந்து எடை படிக்கும் வேறு யாருக்கும் உதவும் என்று நான் செய்த கணக்கு முழுவதையும் எழுதி வைக்கிறேன்.

முதலில் தராசு. கொக்கியில் தொங்கவிடும் வட்ட முகத் தராசு, உள்ளே சுருள்வில். முகம் ஒரு சாண் அகலம். உச்சியில் 0, கடிகாரம்போல் வலப்பக்கமாகச் சுற்றிவந்து அதே இடத்தில் 25 கிலோ. அதாவது முள் ஒரு முழுச் சுற்றுதான் சுற்றும். இரண்டு எண்களுக்கு நடுவே பத்து இடைவெளி, ஆக ஒரு சின்னக் கோடு 100 கிராம். இதை எண்ணித்தான் தெரிந்துகொள்ள வேண்டும். இதே உருவத்தில் 50 கிலோ தராசும் கடையில் கிடைக்கும். அதில் இரண்டு எண்களுக்கு நடுவே எத்தனை கோடு, ஒரு கோடு எத்தனை கிராம் என்பது வேறாக இருக்கலாம். படத்தில் முள் எண்ணை மறைத்துக்கொண்டு நின்றால் பக்கத்து இரண்டு எண்களைப் பார்த்து, நடுவில் உள்ள கோடுகளை எண்ணுவேன். எங்கள் தராசில் இரண்டு கோட்டுக்கு நடுவே முள் நின்றால் பாதி என்று வைத்து 50 கிராம் வரைக்கும் படிக்கலாம். அதற்குக் கீழே படிப்பது வெறும் ஊகம். 9.03, 8.67 என்றெல்லாம் நான் எழுதுவதில்லை.

குட்டியை நேராகக் கொக்கியில் மாட்ட முடியாது. ஒரு சாக்கை வெட்டி, கால்கள் வெளியே வர நான்கு ஓட்டை போட்டு, இரண்டு பக்கமும் கயிறு கோத்துத் தொட்டில்போல் செய்திருக்கிறோம். அதன் எடை 400 கிராம். ஆக, முள் காட்டுவதில் மூன்று கலந்திருக்கும்: குட்டி, சாக்கு, அப்புறம் தராசில் எதுவுமே தொங்காதபோதும் முள் தள்ளி நிற்கிற அந்தக் கொஞ்சம். பள்ளிக்கூடத்தில் வெர்னியர் அளவியைக் கையில் கொடுத்து சுழிப்பிழை என்று சொல்லித் தந்தது இதைத்தான். எங்கள் தராசில் வெறும் கொக்கியோடு முள் 0-வைத் தாண்டி மூன்றாவது கோட்டில் நிற்கும். நேர் சுழிப்பிழை, 0.3 கிலோ. சாக்கை மாட்டினால் 0.7. மாதக் கணக்காக நான் ஒவ்வொரு படத்திலும் படித்த அளவிலிருந்து 0.7-ஐக் கழித்துத்தான் எழுதிக்கொண்டிருந்தேன்.

சந்தேகம் வந்ததும் அண்ணனுக்குப் போன் போட்டேன்.

"அண்ணே, தராசுல கை வச்சீங்களா?"

"ஆமாடா, முள்ளு சைபர்ல நிக்கவே இல்ல. மேல ஒரு திருகு இருக்குல்ல, அதத் திருகி நேராக்கிட்டேன். ஏன், அது தப்பா?"

தப்பே இல்லை. அந்தத் திருகு அதற்காகத்தான் இருக்கிறது. ஆனால் அவர் முள்ளை 0-வுக்குக் கொண்டுவந்த பிறகும் நான் மதுரையில் உட்கார்ந்து பழைய 0.3-ஐயும் சேர்த்துக் கழித்திருக்கிறேன். அன்றைக்குக் கழிக்கவேண்டியது சாக்கின் 0.4 மட்டும். ஒவ்வொரு குட்டியிலும் 300 கிராம் என் கணக்கில்தான் காணாமல்போனது.

இதில் யோசித்துப் பார்க்க ஒரு விஷயம் இருக்கிறது. தராசு எப்போதும் 0.3 கூடுதலாகவே காட்டிக்கொண்டிருந்தால், நான் கழிக்காமல் விட்டாலும் இரண்டு வார வளர்ச்சி சரியாகவே வந்திருக்கும். இந்த வாரமும் 0.3 கூட, போன வாரமும் 0.3 கூட, ஒன்றிலிருந்து ஒன்றைக் கழித்தால் அந்தப் பிழை தானாக அடிபட்டுப் போகும். எட்டு கிலோக் குட்டியின் மொத்த எடையில் 300 கிராம் என்பது நூற்றுக்கு நாலுகூட இல்லை. ஆனால் 900 கிராம் வளர்ச்சியில் அதே 300 கிராம் மூன்றில் ஒரு பங்கு. ஆகவே வளர்ச்சியைப் பார்ப்பவருக்குச் சுழிப்பிழை எவ்வளவு என்பதைவிட, போன தடவைக்கும் இந்தத் தடவைக்கும் நடுவே அது மாறியதா என்பதுதான் கேள்வி. நான் சுழிப்பிழையைத் தராசின் குணம்போல் ஒரே எண்ணாக எழுதி வைத்திருந்தேன். அது அந்தந்த நாளின் எண். திருகைத் தொட்டால் மாறும், தராசு கீழே விழுந்தால் மாறும், அதிகப் பாரம் தொங்கவிட்டு வில் இழுபட்டால் மாறும்.

சரி, அன்றைய வெறும் சாக்குப் படம் இருக்கிறதா என்று மதினியிடம் கேட்டேன்.

"வெறுஞ்சாக்க எதுக்கு எடுக்கணும்னு விட்டுட்டேன் தம்பி. போன தடவ எடுத்தது ஒங்ககிட்ட இருக்குல்ல?"

அவர் சொல்வதிலும் நியாயம் உண்டு. ஒவ்வொரு தடவையும் வேண்டும் என்று நான் சொல்லியிருக்கவில்லை. ஆனால் அவருடைய போனில் அனுப்பாத படம் ஒன்று இருந்தது. மூன்றாவது குட்டியை இறக்கிவிட்டு நாலாவதைப் பிடித்துவரப் போகும்போது தவறுதலாகக் கை பட்டு எடுத்தது. பக்கவாட்டில், கொஞ்சம் சாய்வாக, ஆனால் முள்ளும் கோடுகளும் தெளிவாக இருந்தன. சாக்கு காலியாகத் தொங்கியது. முள் 0.5-இல் நின்றது.

சாக்கு 0.4 என்பது தெரியும். அப்படியென்றால் அண்ணன் திருகியும் இன்னும் 0.1 பாக்கி இருக்கிறதா? இல்லை, படம் பக்கவாட்டில் எடுத்ததால் அப்படித் தெரிகிறதா?

தராசு முகத்தில் கோடுகள் அச்சடித்த தகடு பின்னால் இருக்கிறது. முள் அதற்கு முன்னால், அந்தரத்தில் சுற்றுகிறது. எங்கள் தராசில் நடுவே உள்ள இடைவெளி 4 மில்லிமீட்டர் இருக்கும். நேராகப் பார்த்தால் முள் எந்தக் கோட்டுக்கு முன்னால் இருக்கிறதோ அதன்மேல் தெரியும். இடப்பக்கம் நகர்ந்து நின்று பார்த்தால் முள் வலப்பக்கம் தள்ளித் தெரியும். கீழே நின்று அண்ணாந்து பார்த்தால் மேலே தள்ளித் தெரியும். இதுதான் இடமாறு தோற்றப்பிழை. இதுவரை எல்லாருக்கும் தெரிந்ததே. நான் அன்றைக்குத்தான் கவனித்தது இன்னொன்று: முள் எந்தத் திசையில் நீட்டிக்கொண்டிருக்கிறது என்பதைப் பொறுத்து இதே தள்ளல் சில இடத்தில் எடையைக் கெடுக்கும், சில இடத்தில் ஒன்றும் செய்யாது.

முள் உச்சியில், 0-க்குப் பக்கத்தில் நிற்கிறது என்று வையுங்கள். அது மேல் நோக்கிய கோடு. கேமராவைக் கீழே இறக்கினால் முள் மேலே தள்ளித் தெரியும். அதாவது தன் நீளவாக்கிலேயே நகரும். நுனி கொஞ்சம் உயரமாகத் தெரியுமே தவிர அடுத்த கோட்டுக்குத் தாவாது. ஆனால் கேமரா பக்கவாட்டில் போனால் முழுத் தள்ளலும் பிழையாக விழும். முள் வலப்பக்கம், 6 கிலோ வாக்கில் படுத்திருந்தால் கதை தலைகீழ். அங்கே பக்கவாட்டு நகர்வு ஒன்றும் செய்யாது. கீழிருந்து எடுத்தால் முள் மேலே தள்ளித் தெரிந்து எடை குறையும். இடப்பக்கம், 19 கிலோ வாக்கில் அதே கீழ்ப்பார்வை எடையைக் கூட்டிக் காட்டும்.

மதினி கொஞ்சம் குள்ளம். தராசு கொட்டகையின் குறுக்குச் சட்டத்தில், அவர் தலைக்கு மேலே தொங்குகிறது. அவர் எடுக்கும் படம் எல்லாமே கீழிருந்து எடுத்தவைதான். எங்கள் குட்டிகள் 7 முதல் 11 கிலோ, முள் வலப்பக்கக் கீழ்ப்பாதியில் நிற்கும் எடை. எல்லாப் படமும் உண்மையைவிடக் கொஞ்சம் குறைத்துக் காட்டிக்கொண்டிருந்திருக்கின்றன.

எவ்வளவு என்று படத்திலேயே அளந்துவிடலாம். வட்டமான தராசு முகம் சாய்வாக எடுத்தால் நீள்வட்டமாகத் தெரியும். வெறும் சாக்குப் படத்தைக் கணினியில் திறந்து அளந்தேன்: முகத்தின் உயரம் 980 புள்ளி, அகலம் 910. அகலம் குறைந்ததால் சாய்வு பக்கவாட்டில். 910-ஐ 980-ஆல் வகுத்தால் 0.93, அது 22 டிகிரிச் சாய்வின் கொசைன். 22 டிகிரியின் டேன்ஜென்ட் 0.4. இடைவெளி 4 மில்லிமீட்டர் என்றால் தள்ளல் 1.6 மில்லிமீட்டர். முள் நுனி சுற்றும் இடத்தில் ஒரு கோட்டுக்கும் அடுத்த கோட்டுக்கும் உள்ள தூரமும் ஏறக்குறைய அதேதான்: நுனி மையத்திலிருந்து 6.5 சென்டிமீட்டரில் இருக்கிறது, சுற்றளவு ஏறக்குறைய 41 சென்டிமீட்டர், அதை 250 கோடுகள் பங்கிட்டுக்கொள்கின்றன. ஆக, ஒரு முழுக் கோடு, 100 கிராம், சாய்வால் வந்தது. எந்தப் பக்கம் தள்ளியது? படத்தில் தராசின் வலப்பக்க விளிம்பின் உட்சுவர் தெரிந்தது, இடப்பக்கத்தில் தெரியவில்லை. அப்படியென்றால் கேமரா இடப்பக்கம் இருந்தது, முள் வலப்பக்கம் தள்ளி, கூடுதலாகத் தெரிந்தது. 0.5-இல் 0.1-ஐக் கழித்தால் 0.4. சாக்கின் எடை மட்டும். அண்ணன் திருகைச் சரியாகத்தான் வைத்திருக்கிறார்.

இந்தக் கணக்கு புரிந்துகொள்ள நல்லது. ஆனால் ஒவ்வொரு படத்துக்கும் இடைவெளியையும் கோணத்தையும் அளந்துகொண்டிருக்க முடியாது. இதைவிடச் சுலபமான வழி ஒன்று கிடைத்தது, இப்போது அதைத்தான் செய்கிறேன்.

சாய்வால் முள் முழுவதுமாக, மையத் திருகாணியோடு சேர்ந்து, ஒரே அளவு தள்ளித் தெரிகிறது. நுனி தள்ளும், மையமும் தள்ளும், ஆனால் முள்ளின் சாய்வு மாறுவதில்லை. ஆகவே முள்ளை அதன் சாய்வு மாறாமல் நகர்த்தி, தகட்டின் உண்மையான மையத்தில் கொண்டுபோய் வைத்தால் சரியான எடை தெரிந்துவிடும்.

தகட்டின் மையத்தைக் கண்டுபிடிக்க அச்சடித்த கோடுகளே போதும். 25 கிலோ முகத்தில் எதிரெதிர்க் கோடுகளுக்கு நடுவே 12.5 கிலோ வித்தியாசம் இருக்கும். படத்தின்மேல் 0-விலிருந்து 12.5-க்கு ஒரு கோடு, 5-லிருந்து 17.5-க்கு ஒரு கோடு. இரண்டும் வெட்டும் இடம்தான் மையம். அப்புறம் முள்ளின் மேலேயே, வாலிலிருந்து நுனிவரை, ஒரு கோடு வரைந்து, அந்தக் கோட்டைப் பிடித்து இழுத்து மையத்தின்மேல் வைக்கவேண்டும். ஸ்லைடு தயாரிக்கும் எந்த நிரலிலும் இது வரும். கோட்டை இழுத்து நகர்த்தினால் சாய்வு மாறாது. இப்போது கோடு எந்த எடைக் கோட்டின்மேல் போய் முடிகிறதோ அதுதான் எடை. ஒரு படத்துக்கு ஒரு நிமிடம் ஆகும்.

இதற்கு வளையாத முள் வேண்டும். எங்கேயாவது இடித்து வளைந்த முள்ளாக இருந்தால், முள்ளின் உடலும் நுனியும் ஒரே நேர்க்கோட்டில் இருக்காது, இந்த முறை பொய் சொல்லும். நல்ல வெளிச்சத்தில் நேராக ஒரு படம் எடுத்து, வாலும் மையமும் நுனியும் ஒரே கோட்டில் வருகின்றனவா என்று ஒருமுறை பார்த்து வைத்துக்கொள்ளவேண்டும். இன்னொன்று, கேமராவை முகத்துக்கு ஒட்டக் கொண்டுபோய் எடுத்த படத்தில் கிட்டத்துப் பாதி பெரிதாகவும் தூரத்துப் பாதி சிறிதாகவும் தெரியும். அதில் முள்ளின் சாய்வையே நம்ப முடியாது.

கறுப்பி என்று மதினி கூப்பிடும் பெட்டைக் குட்டியின் கணக்கை முழுசாகக் காட்டுகிறேன். முந்தைய தடவை, அதாவது திருகைத் தொடுவதற்கு முன்னால், அதன் படத்தை மையக்கோடு போட்டுப் படித்தால் 8.45. அன்றைய வெறும் சாக்கு 0.7. நிகர எடை 7.75. இந்தத் தடவை படத்தில் முள் 9.0-இல் தெரிந்தது. முகத்தின் உயரம் அகலத்தைவிடக் குறைவு, கீழிருந்து 15 டிகிரிச் சாய்வு. முள்ளை மையத்துக்கு நகர்த்தியதும் 9.0-க்கும் 9.1-க்கும் நடுவே விழுந்தது, 9.05. வெறும் சாக்கு, திருத்திய பிறகு, 0.4. நிகர எடை 8.65. 14 நாளில் 0.9 கிலோ ஏறியிருக்கிறது, நாளைக்கு 64 கிராம். நான் முதலில் எழுதிய கணக்கு 9.0-இல் 0.7 போக 8.3. அதன்படி வளர்ச்சி வெறும் 0.55, நாளைக்கு 39 கிராம். நல்ல குட்டியை நோஞ்சான் என்று எழுதி வைத்திருந்தேன்.

நடுவில் இன்னொரு பாதைகூட இருந்தது. தற்செயலாகக் கிடைத்த படத்தை அப்படியே நம்பி 0.5 என்று எடுத்து, குட்டிப் படத்தையும் அப்படியே 9.0 என்று எடுத்திருந்தால் 8.5 வந்திருக்கும். வெறும் சாக்கு 100 கிராம் கூடிப்போச்சு, குட்டி 50 கிராம் குறைந்துபோச்சு, கழிக்கும்போது இரண்டும் சேர்ந்து ஒரே பக்கம் 150 கிராம். சுழிப்பிழையைத் திருத்தப் போய் அந்தத் திருத்தத்திலேயே பிழை வைப்பது இப்படித்தான் நடக்கும். குட்டிப் படத்துக்குக் காட்டும் அதே கவனத்தை வெறும் சாக்குப் படத்துக்கும் காட்டவேண்டும். சொல்லப்போனால் கூடுதலாகவே, குட்டிப் படம் தப்பானால் ஒரு குட்டியின் கணக்குத்தான் கெடும், வெறும் சாக்குப் படம் தப்பானால் அன்றைய ஏழும் கெட்டுவிடும்.

கழிக்கிற எண் ஒன்றாகவே எல்லா எடையிலும் செல்லுமா என்பதையும் பார்க்கவேண்டியிருந்தது. அடுத்த வாரம் நான் ஊருக்குப் போனபோது பக்கத்து மளிகைக் கடையில் முத்திரை போட்ட 5 கிலோ இரும்பு எடைக்கற்கள் மூன்று கேட்டு வாங்கி வந்தேன். வெறும் கொக்கியில் 0. ஒரு கல்லுக்கு 5.0, இரண்டுக்கு 10.0, மூன்றுக்கு 15.1-ஐத் தொடுகிற மாதிரி. கற்களை நூல் கயிற்றில் கட்டித் தொங்கவிட்டேன், கயிற்றுக்கென்று முள் அசையவில்லை. எங்கள் குட்டிகள் இருக்கும் எடைக்கு வில் நன்றாக இருக்கிறது, வெறும் கழித்தல் போதும்.

ஒருவேளை வெறும் கொக்கியில் 0.3, ஒரு கல்லுக்கு 5.4, இரண்டுக்கு 10.5 என்று வந்திருந்தால்? பிழை 0.3, 0.4, 0.5 என்று எடையோடு சேர்ந்து வளர்கிறது. அது சுழிப்பிழை மட்டும் இல்லை; வில்லே தளர்ந்து, ஒவ்வொரு கிலோவுக்கும் 20 கிராம் கூட்டிக் காட்டுகிறது. அப்போது முதலில் 0.3-ஐக் கழித்து, வருவதை 1.02-ஆல் வகுக்கவேண்டும். 10.5-இல் 0.3 போக 10.2, வகுத்தால் 10. அண்ணன் மாதிரித் திருகை மட்டும் திருப்பி முள்ளை 0-வுக்குக் கொண்டுவந்தால் இந்தப் பிழை போகாது. 0-வில் சரியாக நின்று, 10 கிலோவில் 200 கிராம் பொய் சொல்லும். ஆகவே ஒரு கல்லாவது வைத்துப் பார்க்காமல் தராசை நம்பக்கூடாது என்பது என் முடிவு.

எதிர்ப்பக்கச் சுழிப்பிழைதான் எனக்கு அடிக்கடி குழப்பம் தந்தது. முள் 0-வுக்கு முன்னாலேயே, இடப்பக்கம் ஒரு கோடு தள்ளி நின்றால் படத்தில் அது 24.9 மாதிரி தெரியும். அது மைனஸ் 0.1. படித்த எடையோடு 0.1-ஐக் கூட்டவேண்டும். அவசரத்தில் "0.1 தள்ளி நிற்கிறது" என்று எழுதிவைத்து, பழக்கத்தில் கழித்தால் பிழை போகாது, இரண்டு மடங்காகிவிடும். இன்னும் மோசம், சில தராசில் 0-வுக்குப் பக்கத்தில் ஒரு சின்னத் தடுப்பு முனை இருக்கும். முள் அதற்குக் கீழே போக முடியாமல் சாய்ந்து நிற்கும். படத்தில் பார்த்தால் 0-வில் அழகாக நிற்கும், ஆனால் முதல் 200 கிராமுக்கு அசையவே செய்யாது. வெறும் முகத்தைப் பார்த்து இதைக் கண்டுபிடிக்க வழியே இல்லை.

இந்த இரண்டு தொல்லைக்கும் மருந்து ஒன்றுதான்: வெறும் கொக்கியைப் படம் எடுக்காமல், காலிச் சாக்கை மாட்டிப் படம் எடுப்பது. 400 கிராம் தொங்கும்போது முள் எப்படியும் 0-வைத் தாண்டி வந்துவிடும். தடுப்பிலிருந்து விடுபட்டுத் தொங்கும், அளவு எப்போதும் கூட்டல் பக்கம்தான் இருக்கும், நானும் எப்போதும் கழிக்க மட்டும் செய்தால் போதும். சாக்கு தனி, சுழிப்பிழை தனி என்று பிரித்து எழுதவும் தேவையில்லை. பிரித்து எழுதினால் சாக்கை இரண்டு தடவை கழிக்கிற தவறும் வரும். அதையும் ஒருமுறை செய்திருக்கிறேன். கணினியில் இப்போது மூன்றே கட்டங்கள். C-இல் படத்தில் படித்தது, D-இல் அன்றைய காலிச் சாக்கு, E-இல் நிகரம்:

```
=C5-D5
```

நிகரத்தை மட்டும் எழுதிவிட்டு மற்ற இரண்டையும் எறிந்திருந்தால் இந்த 300 கிராமை நான் மீட்டிருக்கவே முடியாது. படித்த எண் அப்படியே இருந்ததால்தான் D-ஐ மாற்றியதும் ஏழு குட்டிகளும் ஒரே நொடியில் சரியாயின.

காலிச் சாக்குப் படம் இப்போது இரண்டு: தொடங்கும் முன் ஒன்று, கடைசிக் குட்டியை இறக்கிய பின் ஒன்று. முதல் தடவையே அது பலன் தந்தது. தொடக்கத்தில் 0.4, முடிவில் 0.5. இரண்டு படமும் நேராக எடுத்தவைதான், திருகை யாரும் தொடவில்லை. ஐந்தாவது குட்டி சாக்கிலேயே சிறுநீர் கழித்திருக்கிறது, சணல் அதைக் குடித்துக் கனத்துவிட்டது. ஆறு, ஏழாம் குட்டிகளுக்கு 0.5-ஐக் கழித்தேன். சணல் சாக்கை மாற்றி, பிளாஸ்டிக் உரச் சாக்கை நன்றாகக் கழுவி அதில் தொட்டில் தைத்துவிட்டார் மதினி. ஈரம் பிடிப்பதில்லை, எடையும் குறைவு, 0.2.

படம் எடுக்கும் விதத்தையும் மாற்றினோம். தராசைக் கயிறு கட்டி ஒரு முழம் இறக்கி, மதினியின் கண்ணுக்கு நேராக வரும்படி தொங்கவிட்டேன். அப்புறம் ஓரடி தூரத்திலிருந்து எடுக்காமல், மூன்றடி பின்னால் நின்று போனில் பெரிதாக்கி எடுக்கச் சொன்னேன். 30 சென்டிமீட்டர் தூரத்தில் கை 10 சென்டிமீட்டர் இறங்கினால் சாய்வு 18 டிகிரி. ஒரு மீட்டரில் அதே 10 சென்டிமீட்டருக்கு 6 டிகிரிகூட வராது. எடுத்த படம் நேராக இருக்கிறதா என்று அங்கேயே பார்க்க ஓர் அடையாளமும் சொல்லிக் கொடுத்தேன். விளிம்பின் உட்சுவர் நாலு பக்கமும் ஒரே அகலத்தில் தெரியவேண்டும். ஒரு பக்கம் தடித்துத் தெரிந்தால் மறுபடி எடுக்கவேண்டும். இடைவெளி, டேன்ஜென்ட் எதுவும் அவருக்குத் தேவைப்படவில்லை. "வளையம் ஒரு பக்கம் வீங்கித் தெரியுது தம்பி, திரும்ப எடுக்கேன்" என்று அவரே சொல்கிறார்.

குட்டி உதைத்துக்கொண்டிருக்கும்போது முள் ஆடும், அது வேறு. அப்போது எடுத்த படத்தில் முள் விசிறிபோல் கலங்கித் தெரியும். அதை நான் படிப்பதில்லை. குட்டியின் கண்ணை மதினி முந்தானையால் லேசாக மூடினால் கொஞ்ச நேரத்தில் அடங்கிவிடும். அடங்காத குட்டிக்கு மூன்று படம் எடுத்து, முள் தெளிவாக நிற்கும் மூன்றின் நடு எண்ணை எடுத்துக்கொள்கிறேன்.

போன ஞாயிறு வந்த படங்களில் முதல் படம் காலி உரச் சாக்கு, முள் சரியாக இரண்டாவது கோட்டில். கடைசிப் படமும் அதே. நடுவில் கறுப்பி 9.75, நிகரம் 9.55. இரண்டு வாரத்தில் 900 கிராம். முள்ளை மையத்துக்கு நகர்த்திப் பார்த்தேன், கோடு எண்ணைவிட்டு அசையவில்லை.